அயர்ன் காண்டோர் அடிபடும்போது: மறுபக்கத்தை நெருக்கி ரோல் செய்வதா, மூடிவிடுவதா?

அயர்ன் காண்டோர் போடுகிறவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி ஒன்றுதான். இண்டெக்ஸ் ஏறி ஏறி, நாம் விற்ற கால் ஸ்ட்ரைக்கைத் தொட்டுவிட்டது. கால் பக்கம் சிவப்பில் இருக்கிறது. புட் பக்கத்தில் பிரீமியம் கரைந்து ஒன்றுமில்லாமல் கிடக்கிறது. இப்போது அந்தப் புட் ஸ்ப்ரெட்டை வாங்கி மூடிவிட்டு, சந்தைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றை விற்று இன்னும் கொஞ்சம் பிரீமியம் சேர்க்கலாமா? இல்லை, மொத்தத்தையும் மூடிவிட்டு நஷ்டத்தை ஏற்றுக்கொள்வதா?

இந்தக் கட்டுரையில் சந்தை நெருங்கிவிட்ட பக்கத்தை அடிபடும் பக்கம் என்றும், தூரத்தில் நிற்பதைச் சும்மா இருக்கும் பக்கம் என்றும் சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோல் செய்வது பழைய வியாபாரத்துக்கு வைத்தியம் இல்லை. அது ஒரு புது வியாபாரம். புது வியாபாரமாகப் பார்த்தாலும் போடத் தகுந்தது என்றால் மட்டும் செய்யலாம். ஏன் அப்படி என்பதை ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, இந்த நிமிடத்திலிருந்து இன்னும் எவ்வளவு இழக்க முடியும், எவ்வளவு ஈட்ட முடியும் என்பது. காண்டோரைத் திறந்த நாளில் வாங்கிய பிரீமியம் இந்தக் கணக்குக்குள் வராது. அது முடிந்துபோன கதை.

இரண்டாவது, இனி எந்தத் திசையில் நகர்ந்தால் வலிக்கும், எவ்வளவு சீக்கிரம் வலிக்கும் என்பது. டெல்டா, காமா பற்றிய பேச்சு இதற்குத்தான்.

மூன்றாவது, எக்ஸ்பைரிக்கு மீதமுள்ள நாட்கள்.

நான்காவது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் கைவிட்டுப் போகும் பணம். தரகும் இதில் சேரும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ரோல் கணக்கில் இதுதான் பல சமயம் தீர்ப்பு எழுதுகிறது.

## உதாரணம்

இண்டெக்ஸ் 1000-ல் இருக்கும்போது, எக்ஸ்பைரிக்கு 45 நாள் இருக்க, ஒரு காண்டோர் போடுகிறோம். 940 புட் விற்று 920 புட் வாங்குகிறோம். 1060 கால் விற்று 1080 கால் வாங்குகிறோம். இரண்டு பக்கமும் 20 புள்ளி அகலம். ஒவ்வொரு பக்கத்திலும் 2.5 புள்ளி, மொத்தம் 5 புள்ளி வரவு. அதிகபட்ச நஷ்டம் 15. ஐவி ஏறக்குறைய 17 சதவீதம் என்று வைத்துப் போட்ட எளிய கணக்கு இது. நிஜத்தில் ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் ஐவி மாறும் என்பதால் எண்கள் கொஞ்சம் நகரும், ஆனால் விகிதங்கள் பெரிதாக மாறாது.

24 நாள் கழித்து இண்டெக்ஸ் 1060-ல் நிற்கிறது. இன்னும் 21 நாள் இருக்கிறது. மெதுவாக ஏறியதால் ஐவி சற்று இறங்கியிருக்கிறது. மீதி நாட்களில் இண்டெக்ஸ் சாதாரணமாக நகரக்கூடிய தூரம், அதாவது ஒரு திட்ட விலக்கம், 40 புள்ளி.

கால் ஸ்ப்ரெட்டின் விலை இப்போது 8. புட் ஸ்ப்ரெட் 0.2. மொத்தத்தையும் மூட 8.2 வேண்டும். 5 வாங்கினோம், 8.2 கொடுக்கிறோம், ஆக 3.2 நஷ்டம்.

ரோல் செய்வதென்றால், 940/920 புட் ஸ்ப்ரெட்டை 0.2-க்கு வாங்கி மூடிவிட்டு, 1020/1000 புட் ஸ்ப்ரெட்டை 2.2-க்கு விற்கிறோம். கூடுதல் வரவு 2. மொத்த வரவு 7 ஆகிறது. அகலம் அதே 20 என்பதால் அதிகபட்ச நஷ்டம் 15-லிருந்து 13 ஆகக் குறைகிறது.

இந்த இடத்தில்தான் பலருக்கு நிம்மதிப் பெருமூச்சு வருகிறது. வரவு கூடிவிட்டது, நஷ்டம் குறைந்துவிட்டது, மார்ஜினும் பொதுவாக ஏறாது. ஒரே நேரத்தில் ஒரு பக்கம்தான் அடிபட முடியும் என்பதால் பல தரகர்கள் ஒரு பக்கத்துக்கு மட்டுமே மார்ஜின் பிடிக்கிறார்கள். கேட்க எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, ரோல் செய்த அடுத்த நொடியில் கணக்கு எப்படி நிற்கிறது? மொத்த வரவு 7. மூட வேண்டுமானால் கால் பக்கத்துக்கு 8, புதுப் புட் பக்கத்துக்கு 2.2, ஆக 10.2. நஷ்டம் 3.2. மூடியிருந்தால் என்ன நஷ்டமோ அதேதான். ரோல் ஒரு காசைக்கூடத் திருப்பித் தரவில்லை. அந்த 3.2 ஏற்கெனவே போய்விட்டது. ரோல் செய்தவர் அதை எழுதிக்கொள்ளாமல் தள்ளிப்போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

## ரோல் செய்தால்

இனி உள்ள வரவும் இழப்பும். பழைய கணக்கை மறந்துவிட்டுப் பார்த்தால், 10.2 புள்ளிக்கு ஒரு காண்டோரை இன்று விற்றிருக்கிறோம். இங்கிருந்து 10.2 ஈட்டலாம், 9.8 இழக்கலாம். எக்ஸ்பைரியில் இண்டெக்ஸ் சுமார் 1010-க்கும் 1070-க்கும் இடையில் முடிந்தால் மூடியதைவிட ரோல் மேல். அதற்கான வாய்ப்பு இந்தக் கணக்கில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. முழு 7 புள்ளியும் கையில் நிற்க வேண்டுமானால் 1020-க்கும் 1060-க்கும் நடுவில் முடிய வேண்டும். அந்த வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு.

நஷ்டமில்லாத எல்லைகள் எப்படி மாறின என்பதையும் கவனியுங்கள். முதலில் அவை 935-ம் 1065-ம். ரோலுக்குப் பிறகு 1013-ம் 1067-ம். ஆபத்து வந்த பக்கத்தில் நமக்குக் கிடைத்தது 2 புள்ளி. அதற்கு மறுபக்கத்தில் கொடுத்தது 78 புள்ளி.

எந்தத் திசையில் வலிக்கும். ரோலுக்கு முன் டெல்டா சுமார் -0.19. இண்டெக்ஸ் ஒரு புள்ளி ஏறினால் 0.19 புள்ளி போகும். ரோலுக்குப் பின் அது -0.10. இன்றைய வலி ஏறக்குறைய பாதியாகிறது. இது உண்மையான பலன், இதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பலன் எப்போது குறைகிறது என்பதைப் பாருங்கள். இண்டெக்ஸ் இன்னும் ஏறி 1080-க்குப் போனால், புதுப் புட் ஸ்ப்ரெட் தூரமாகிவிடும். 1060-ல் 0.09 டெல்டா கொடுத்தது 1080-ல் 0.04 தான் கொடுக்கும். நமக்கு உதவி அதிகம் தேவைப்படும் இடத்தில் அது தேய்ந்துபோகிறது. கடைசியில் அது தரக்கூடிய மொத்த உதவியே அந்த 2 புள்ளிதான்.

இறங்கினால் என்ன ஆகிறது? ரோல் செய்யாத காண்டோருக்கு இறக்கம் நல்ல செய்தி. 1040-லும் 1020-லும் அதன் டெல்டா மைனஸில்தான் இருக்கும், இறங்க இறங்க லாபம். ரோல் செய்த காண்டோரில் 1040-க்கு வரும்போதே டெல்டா பூஜ்யமாகிறது. 1020-ல் அது +0.10. அதாவது 40 புள்ளிக்குள் ஆபத்து ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவிவிடுகிறது. அந்த 40 புள்ளி, மீதி நாட்களில் இண்டெக்ஸ் சாதாரணமாகவே நகரக்கூடிய தூரம். காமா என்று பார்த்தால் ரோலுக்குப் பின் மூன்று மடங்குக்கும் மேல். தீட்டாவும் அதே அளவு கூடுகிறது என்பதால் தினமும் கரையும் பிரீமியம் கண்ணுக்கு இனிமையாக இருக்கும். அந்த இனிமைக்கு விலைதான் இந்தக் காமா.

நாட்கள். 21 நாள் என்பது எனக்கு எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால், வரவு வருகிற மாதிரி விற்க வேண்டுமானால் புட்டை இன்னும் நெருக்கி வைக்க வேண்டும். 10 நாள் மட்டும் இருந்தால், 40 புள்ளி தள்ளி உள்ள புட் ஸ்ப்ரெட் ஒரு புள்ளியைக்கூடத் தராது. அந்த நிலையில் 2 புள்ளி வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஸ்ட்ரைக்குகளுக்கு நடுவே நிற்க இடமே இருக்காது.

கைவிட்டுப் போகும் பணம். ரோலில் நான்கு லெக். ஒவ்வொன்றிலும் 0.1 புள்ளி இடைவெளியில் போனால் 0.4. நாம் சேர்த்த 2 புள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. பின்னால் மூடும்போது இன்னொரு நான்கு லெக், இன்னொரு 0.4. மூடிவிடுகிறவருக்கு ஒரே ஒரு 0.4 தான். இண்டெக்ஸ் ஆப்ஷனில் இடைவெளி குறைவு, அதனால் தாங்கிக்கொள்ளலாம். பங்கு ஆப்ஷனில் ஒரு லெக்குக்கு 0.3 போனால் 1.2 போய்விடும். அப்போது மிஞ்சுவது 0.8. அதற்காக 78 புள்ளி இடத்தைக் கொடுப்பது எனக்கு ஒருபோதும் நியாயமாகத் தோன்றியதில்லை.

கணக்கில் வராத இன்னொரு செலவும் இருக்கிறது. மார்ஜின் இன்னும் மூன்று வாரம் முடங்கிக் கிடக்கும், கண்ணும் திரையிலேயே கிடக்கும்.

## மூடிவிட்டால்

இனி உள்ள வரவும் இழப்பும். 3.2 போனது போனதுதான். அதற்கு மேல் போகாது, திரும்பியும் வராது. வாங்கிய பிரீமியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழான நஷ்டம். வாங்கிய பிரீமியத்தின் அளவுக்கோ அதன் இரு மடங்குக்கோ நஷ்டம் வரும்வரை தாங்கலாம் என்று விதி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் விதிக்குள்தான் இருக்கிறது.

எந்தத் திசையில் வலிக்கும். எங்கும் இல்லை. மூடியதன் முழுப் பலனும் இதுதான்.

ஆனால் மூடுவதற்கும் மறைவான விலை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது. எக்ஸ்பைரியில் விற்ற ஸ்ட்ரைக்கைத் தாண்டி முடியும் வாய்ப்பு ஒரு பக்கத்துக்கு 16 சதவீதம் என்றால், நடுவில் எப்போதாவது அந்த ஸ்ட்ரைக்கைத் தொடும் வாய்ப்பு ஏறக்குறைய அதன் இரு மடங்கு. இது ஆப்ஷன் கணக்கில் நன்கு தெரிந்த தோராயம். காரணம் எளிது: ஸ்ட்ரைக்கைத் தொட்ட இடத்திலிருந்து ஏறவும் இறங்கவும் சம வாய்ப்பு, ஆகத் தொட்டவற்றில் பாதி திரும்பி வந்துவிடும். தொட்டவுடன் மூடுவதே விதி என்று வைத்துக்கொண்டால், தொட்ட காண்டோர்களில் தானாகத் திரும்பியிருக்கக்கூடிய பாதியையும் சேர்த்து நஷ்டத்தில் மூடுகிறோம். வருடக் கணக்கில் பார்த்தால் வெற்றி விகிதம் கண்ணில் படும்படி இறங்கும். பதிலுக்கு ஒவ்வொரு நஷ்டமும் சிறியதாக இருக்கும், 13-ம் 15-ம் வராது.

நாட்கள். மீதி நாள் குறையக் குறைய மூடுவதன் பக்கம் தராசு சாயும். விற்ற ஸ்ட்ரைக்கில் இண்டெக்ஸ் நின்றுகொண்டிருக்கும் கடைசி வாரத்தில் ஒரே நாள் நகர்வில் கால் ஸ்ப்ரெட்டின் விலை தலைகீழாகும். எக்ஸ்பைரிக்கு முன்பே அசைன்மென்ட் வரக்கூடிய அமெரிக்க வகைப் பங்கு ஆப்ஷன் என்றால், ஈவுத்தொகைத் தேதிக்கு முன்னால் பணத்துக்குள் இருக்கும் விற்ற காலை வைத்திருப்பது தனி ஆபத்து. மூடிவிட்டால் இதெல்லாம் நம் கவலையில்லை.

கைவிட்டுப் போகும் பணம். நான்கு லெக், ஒரு முறை. 0.2-ல் கிடக்கும் புட் ஸ்ப்ரெட்டை மூடாமல் விட்டால் இன்னும் மிச்சம் என்று சிலர் விடுவார்கள். நான் மூடிவிடுவேன். 0.2-ஐக் காப்பாற்ற 20 புள்ளி ஆபத்தை மூன்று வாரம் சுமப்பதில் எனக்கு விருப்பமில்லை.

## எக்ஸ்பைரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

ஒன்றுமே செய்யாமல் பழைய காண்டோரை அப்படியே வைத்திருப்பதையும் சேர்த்திருக்கிறேன். அது இல்லாமல் ரோலின் உண்மை முகம் தெரியாது. எண்கள் புள்ளிகளில், செலவு சேர்க்காமல்.

| எக்ஸ்பைரியில் இண்டெக்ஸ் | மூடியவர் | ரோல் செய்தவர் | சும்மா வைத்திருந்தவர் |
|---|---|---|---|
| 1000 | -3.2 | -13 | +5 |
| 1015 | -3.2 | +2 | +5 |
| 1040 | -3.2 | +7 | +5 |
| 1065 | -3.2 | +2 | 0 |
| 1070 | -3.2 | -3 | -5 |
| 1090 | -3.2 | -13 | -15 |

கடைசி இரண்டு நெடுவரிசைகளை ஒப்பிடுங்கள். 1020-க்கு மேலே எங்கு முடிந்தாலும் ரோல் செய்தவருக்கு 2 புள்ளி கூடுதல், அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. 1000-ல் முடிந்தால் 18 புள்ளி குறைவு. ஆக, ஏற்றத்தைப் பற்றிப் பயந்து செய்த காரியம் ஏற்றத்துக்கு எதிராக 2 புள்ளிதான் காக்கிறது. ஏற்றத்துக்குப் பயந்தால் அதற்கு மருந்து மூடுவதுதான், ரோல் இல்லை.

அந்த 1000 என்ற வரிசை வெறும் கற்பனை இல்லை. எக்ஸ்பைரிவரை காத்திருக்கவும் வேண்டாம். ரோல் செய்து 11 நாள் கழித்து, 10 நாள் மிச்சமிருக்கையில், இண்டெக்ஸ் சட்டென்று 1000-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் ஐவி ஏறும். 1020/1000 புட் ஸ்ப்ரெட் சுமார் 12.4-க்கு வந்திருக்கும், கால் பக்கம் 0.3. மூட 12.7 கொடுக்க வேண்டும், நஷ்டம் 5.7. ஒன்றும் செய்யாமல் இருந்தவரின் காண்டோர் அதே நேரத்தில் 0.6-க்குக் கிடைக்கும். அவருக்கு 4.4 லாபம். இண்டெக்ஸ் நாம் காண்டோரைத் திறந்த அதே 1000-ல், நம் பழைய கூண்டின் நட்டநடுவில் நிற்கிறது. நம் கணிப்பு சரியாகத்தான் இருந்தது. அப்படியும் நம் கையில் நஷ்டம். இந்த வலியை ஒரு முறை அனுபவித்த பிறகுதான் நான் ரோலைப் பற்றி வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கினேன்.

## ரோல் எப்போது நல்ல வியாபாரம்

இதே காண்டோரில் ஸ்ட்ரைக்கைத் தொடும்வரை காத்திருக்காமல் முன்பே செயல்பட்டால் படம் மாறுகிறது. 25 நாள் இருக்கும்போது இண்டெக்ஸ் 1040-ல் இருக்கிறது. விற்ற 1060 காலின் டெல்டா 0.32 அளவில் வந்திருக்கும். கால் ஸ்ப்ரெட் 5, புட் ஸ்ப்ரெட் 0.4. மூடினால் நஷ்டம் வெறும் 0.4. ரோல் என்றால் 1000/980 புட் ஸ்ப்ரெட்டை 2.6-க்கு விற்கலாம், கூடுதல் வரவு 2.2. மொத்த வரவு 7.2.

இப்போது விற்ற ஸ்ட்ரைக்குகளுக்கு நடுவில் 60 புள்ளி இடம் இருக்கிறது. முன்பு 40 தான் இருந்தது. மூடியதைவிட ரோல் மேலாக முடியும் எல்லை சுமார் 992-லிருந்து 1068 வரை. வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம். இண்டெக்ஸ் கூண்டுக்குள் இருக்கிறது, சுவரில் சாய்ந்துகொண்டில்லை. இந்த வியாபாரத்தை நான் போடுவேன்.

அதனால் நான் பார்க்கும் அடையாளம் விலை ஸ்ட்ரைக்கைத் தொடுவது இல்லை. விற்ற ஆப்ஷனின் டெல்டா 0.30-ஐ எட்டுவதுதான். அந்த நேரத்தில் 21 நாளுக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். புது ஸ்ப்ரெட்டை 0.16 டெல்டா அருகில் விற்றும், செலவு போக, இனி இழக்கக்கூடியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரவு வர வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் ரோல். ஒன்று குறைந்தாலும் மூடுவேன்.

எந்தப் பக்கம் அடிபடுகிறது என்பதும் முக்கியம். ஏற்றத்தில் கால் அடிபட்டு, புட்டை மேலே கொண்டுவருவது ஒரு கதை. தூரத்துப் புட்டுகளுக்கு ஐவி அதிகம் என்பதால் பிரீமியம் ஓரளவு கிடைக்கும். ஆனால் இறக்கம் வந்தால் வேகமாக வரும், ஐவியும் ஏறும், இரட்டை அடி. இறக்கத்தில் புட் அடிபட்டு, காலைக் கீழே கொண்டுவருவது வேறு கதை. ஐவி ஏற்கெனவே ஏறிவிட்டது, அதனால் கால் ஸ்ட்ரைக்கைக் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம். அதே சமயம் தூரத்துக் கால்களுக்கு ஐவி குறைவு என்பதால் எதிர்பார்த்த வரவு வராது. பெரிய இறக்கத்தின் நடுவில் வரும் துள்ளல் ஏற்றங்கள் மிக வேகமானவை. நேற்று கீழே இறக்கி விற்ற கால் ஸ்ட்ரைக்கை இன்று காலையே தாண்டிப் போவது அரிதான நிகழ்வு இல்லை. அதனால் இறக்கத்தின் முதல் நாளிலேயே காலை நெருக்கி விற்பதை நான் தவிர்க்கிறேன். அடுத்த நாள் சந்தை அமைதியானால் பார்க்கலாம், இல்லையென்றால் மூடிவிடலாம்.

முக்கிய அறிவிப்பு ஒன்று எக்ஸ்பைரிக்குள் வருகிறது என்றாலும் ரோல் வேண்டாம். அறிவிப்பு நாளில் இரண்டு திசையிலும் பெரிய நகர்வு வரலாம். ரோல் செய்த காண்டோர் இரண்டு திசையிலும் குறுகியது.

## மூடிவிட்டுப் புதிதாகப் போட்டால் என்ன

ரோல் ஒரு புது வியாபாரம் என்றேன். அப்படியானால் அதை இன்னொரு புது வியாபாரத்தோடுதானே ஒப்பிட வேண்டும்? முதல் உதாரணத்துக்கே திரும்புவோம். இண்டெக்ஸ் 1060, 21 நாள் மிச்சம். வெறுங்கையோடு இன்று சந்தைக்கு வருகிற ஒருவர் என்ன போடுவார்? 1020/1000 புட்டும் 1100/1120 காலும் விற்று, இண்டெக்ஸை நடுவில் வைத்து, சுமார் 4.4 வாங்குவார். விற்ற கால் இண்டெக்ஸ் மேலேயே உட்கார்ந்திருக்கும் காண்டோரை யாரும் முதல் தேர்வாகப் போட மாட்டார்கள்.

ரோல் செய்தவர் அந்தக் கோணலான காண்டோரைத்தான் வைத்திருக்கிறார். 1060 கால் அவர் கையில் இருப்பதற்கு ஒரே காரணம் அது ஏற்கெனவே அங்கே இருந்தது என்பதுதான். சந்தை இனி கொஞ்சம் இறங்கும் என்ற கருத்து அவருக்கு இருந்தால் அந்தக் கோணல் சரி. அந்தக் கருத்து இல்லாமல், நஷ்டத்தை எழுத மனம் வராமல் வைத்திருந்தால், அவர் அறியாமலே இறக்கத்துக்குப் பந்தயம் கட்டியிருக்கிறார். மூடிவிட்டு நடுவில் புதிதாகப் போட லெக் செலவு சற்றுக் கூடும். ஆனாலும் 1060-ல் நிற்கும்போது ரோலைவிட இதை நான் விரும்புவேன். இன்னும் நல்லது, அடுத்த மாத எக்ஸ்பைரியில் 45 நாள் வைத்துப் போடுவது.

## ரோல் செய்தே ஆவேன் என்றால்

நான்கு லெக்கையும் ஒரே ஆர்டராகப் போடுங்கள். பழைய புட் ஸ்ப்ரெட்டை முதலில் மூடிவிட்டுப் புதியதை விற்கத் தேடும் நேரத்தில் இண்டெக்ஸ் இன்னும் 5 புள்ளி ஏறிவிட்டால், எதிர்பார்த்த 2.2 கிடைக்காது. அதைப் பிடிக்க ஸ்ட்ரைக்கை இன்னும் நெருக்கத் தோன்றும். அங்கிருந்துதான் சிக்கல் ஆரம்பமாகிறது. புட்டை 1060 வரையே கொண்டுவந்து இரண்டு விற்பனையையும் ஒரே ஸ்ட்ரைக்கில் வைப்பவர்களும் உண்டு. அப்போது மொத்த வரவு சுமார் 12.8 ஆகும், அதிகபட்ச நஷ்டம் 7.2 ஆகும். காகிதத்தில் அழகு. ஆனால் லாபம் தரும் இடம் 1047-க்கும் 1073-க்கும் இடையில் 26 புள்ளிதான். அதையும் தாண்டி, விற்ற புட்டை விற்ற காலுக்கு மேலே கொண்டுபோவதை யோசிக்கவே வேண்டாம்.

ஆர்டர் நிறைவேறியவுடன் மூன்று எண்களை எழுதி வையுங்கள். ஸ்ட்ரைக்கைத் தொட்டபின் ரோல் செய்த நம் உதாரணத்தில் காண்டோரின் விலை 10.2. அது 5-க்கு இறங்கினால் 2 புள்ளி லாபத்தில் வெளியேறலாம், முழு 7-க்காகக் காத்திருக்க வேண்டாம். 13-க்கு ஏறினால், எந்தப் பக்கம் அடிபட்டாலும், 6 புள்ளி நஷ்டத்தில் வெளியேற வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் எக்ஸ்பைரிக்கு 7 நாள் முன்னால் என்ன விலையோ அதற்கு மூட வேண்டும். இண்டெக்ஸ் 1020-க்கு இறங்கி வந்தால் கால் ஸ்ப்ரெட்டைக் கீழே கொண்டுவந்து இன்னொரு ரோல் செய்யலாமா என்று கேட்பீர்கள். கூடாது. 1020-க்கும் 1060-க்கும் நடுவில் இன்னும் நெருக்க இடமில்லை.